நவம்பரும் பிப்ரவரியும்: டெங்கு ஒழிப்புப் பணி பற்றி நகர்நல அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்நல அலுவலர் அவர்களுக்கும், சுகாதார ஆய்வாளர்களுக்கும், வீடு வீடாக ஏறி இறங்கிய கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது சுவரில் உங்கள் நோட்டீசைப் பார்த்தேன். டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டும் இரண்டு பட்டைகள். நவம்பர் என்று எழுதிய சிவப்புப் பட்டை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பிப்ரவரி என்று எழுதிய பச்சைப் பட்டை அதன் முழங்கால் அளவுக்குக்கூட இல்லை. மேலே கொட்டை எழுத்தில், "தீவிர டெங்கு ஒழிப்புப் பணியின் வெற்றி". வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "பரவாயில்லையே, நல்லா வேலை பார்த்திருக்காங்க" என்றார். நானும் தலையாட்டினேன். வேலை பார்த்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மொட்டை மாடியில் கிடந்த பழைய டயரை நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள். என் கேள்வி அந்த இரண்டு பட்டைகளைப் பற்றி மட்டும்தான்.

நான் ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியலர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் கணக்கை வாரா வாரம் எழுதி அனுப்பியே வயதானவன். உங்கள் நோட்டீசில் இருப்பதைப் போன்ற பட்டைகளை நானும் வரைந்து கொடுத்திருக்கிறேன், மேலதிகாரி கேட்டதால். அதனால் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் செய்த தப்பு இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். நம் ஊரில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தேங்காய்ச் சிரட்டை, பெயின்ட் டப்பா, கட்டுமான இடத்துப் பள்ளம் என எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் நிற்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அப்புறம் அந்தக் கொசு நோயாளி ஒருவரைக் கடிக்க வேண்டும், வைரஸ் அதன் உடம்புக்குள் முற்ற ஏறக்குறைய இன்னும் பத்து நாள் ஆக வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் நோயாளிகள் நவம்பரில் குவிவது தானே வரும் கணக்கு. ஜனவரியில் மழை நின்று சிரட்டைகள் காய்ந்துவிடுகின்றன. பிப்ரவரியில் நோயாளிகள் குறைகிறார்கள். நகராட்சி ஒரு விரலைக்கூட அசைக்காத வருடத்திலும் இது நடக்கும்.

ஆக, பிப்ரவரியில் குறைந்ததா என்று கேட்பதில் பயனில்லை. மற்ற வருடங்களில் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்கு எவ்வளவு குறையுமோ, அதைவிட இந்த வருடம் அதிகமாகக் குறைந்ததா என்றுதான் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு வருடத்துக்கும் பிப்ரவரி எண்ணிக்கையை அதற்கு முந்தைய நவம்பர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஐந்தாறு வருடங்களாகவே கால் பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று வந்துகொண்டிருந்து, இந்த வருடமும் கால் பங்கு என்றால் பச்சைப் பட்டை உங்களுடையது அல்ல, வானிலையுடையது. இந்த வருடம் மட்டும் பத்தில் ஒரு பங்கு என்று வந்தால் பேச ஏதோ இருக்கிறது.

பதிவேட்டைப் பார்க்காமல் "டெங்கு என்றால் மழைக்காலம்" என்று மனக்கணக்குப் போடுவதும் ஆகாது. 2012-இல் கடையநல்லூர் பக்கம் மே மாத வெயிலிலேயே டெங்கு பரவியது. தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் டிரம்மிலும் அண்டாவிலும் நாள் கணக்கில் பிடித்து வைப்பார்கள், ஏடிசுக்கு அதுவே போதும். கடலைத் தாண்டினால் இலங்கையில் 2017-ஆம் ஆண்டின் பெரிய அலை ஜூன், ஜூலையில் உச்சம் தொட்டது. ஊருக்கு ஊர் பருவம் வேறு. நம் ஊருடையது நம் பதிவேட்டில்தான் இருக்கிறது.

சரி, பருவத்தை ஒழுங்காகக் கழித்துவிட்டோம், இந்த நவம்பரை அடுத்த நவம்பரோடுதான் ஒப்பிடுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வழுக்கல் உண்டு. அலுவலகத்தில் பல வருடம் நான் கவனிக்காமல் விட்டது இதுதான். அதற்கு மாநிலக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 2012-இல் பதிவான டெங்கு நோயாளிகள் 12,826 பேர். அடுத்த நான்கு வருடங்களில் 6,122, 2,804, 4,535, 2,531. பிறகு வந்தது 2017: 23,294 பேர் நோயுற்றார்கள், 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்த வருட இறுதியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊரெங்கும் நிலவேம்புக் குடிநீர், கொசுப்புழு கண்ட வீட்டுக்கும் கடைக்கும் அபராதம், வியாழன்தோறும் டெங்கு ஒழிப்பு நாள், தெருத் தெருவாகப் புகை மருந்து. 2018-இல் எண்ணிக்கை 4,486. நூற்றுக்கு 81 குறைவு! 2017-இன் பட்டையையும் 2018-இன் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அன்றைக்கு நானும் பெருமைப்பட்டேன்.

இப்போது 2017-ஐக் கையால் மறைத்துவிட்டு மற்ற எண்களைப் பாருங்கள். 2012 முதல் 2016 வரையிலான ஐந்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது 4,535. பெரும் பணிக்குப் பிறகு வந்த 2018-இன் எண் 4,486. இரண்டுக்கும் வித்தியாசம் 49 பேர். அதாவது 2018 விசேஷமாக எதையும் சாதித்த வருடம் அல்ல, சாதாரண வருடம். விசேஷமான வருடம் 2017தான். அதன் பக்கத்தில் எந்த வருடத்தை நிறுத்தினாலும் குள்ளமாகத்தான் தெரியும்.

இது தற்செயலாக நேர்வது மட்டும் அல்ல. பெரும் பணியை நாம் எப்போது தொடங்குகிறோம்? பத்திரிகையில் செய்தி வந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் தரையில் பாய் விரித்த பிறகு. அதாவது எண்ணிக்கை உச்சியில் இருக்கும்போது. உச்சியில் இருப்பது அடுத்து எந்தப் பக்கம் போகும்? டெங்குவில் இதற்குக் காரணமும் உண்டு. டெங்கு வைரசில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு அந்த வகை பெரும்பாலும் மறுபடி வராது, மற்ற வகைகளிலிருந்தும் கொஞ்ச காலத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். பெரிய அலை அடித்து ஓய்ந்த ஊரில், புதிதாகப் பிடிக்க ஆள் குறைந்துபோயிருப்பார்கள். நாம் சும்மா இருந்தாலும் அடுத்த வருடம் இறங்கும்.

இது வெறும் ஊகம் என்று நீங்கள் சொல்லலாம். அதனால்தான் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கேரளத்தில் 2017-இல் பதிவானவர்கள் சுமார் 20,000 பேர், 2018-இல் சுமார் 4,000. அங்கேயும் ஐந்தில் நான்கு பங்கு குறைவு. இலங்கையில் 2017-இல் 1,86,101 பேர், 2018-இல் 51,659 பேர். அங்கே நூற்றுக்கு 72 குறைந்திருக்கிறது. அங்கெல்லாம் யாரும் தமிழ்நாட்டு அரசாணைப்படி நிலவேம்பு குடிக்கவில்லை, தமிழ்நாட்டு நகராட்சிக்கு அபராதம் கட்டவும் இல்லை. நம் பணி இல்லாத இடங்களிலும் ஏறக்குறைய அதே சரிவு என்றால், நம் 81-ல் பெரும்பகுதி நம் பணியால் வந்தது என்று சொல்ல வாய் கூசுகிறது.

ஆனால் இதை வைத்து "கொசு ஒழிப்பு வீண்" என்று சொல்லிவிட முடியாது. கேரளத்திலும் இலங்கையிலும் அவர்கள் பாணியில் கொசு ஒழிப்பு நடந்தது. மூன்று இடத்திலும் நடந்த பணி மூன்று இடத்திலும் பலன் தந்திருக்கலாம். 2017 அக்டோபரில் நாம் இறங்கியிராவிட்டால் அந்த 23,294 இன்னும் ஏறியிருக்கவும் கூடும். முன்பின் ஒப்பீடு இதற்குப் பதில் சொல்லாது. பலன் இருந்தது என்பதற்கும் அதில் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அதில் காக்கை நிஜமாகவே பழத்தை உலுக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எத்தனை முறை காக்கை உட்கார்ந்தது, உட்காராதபோது எத்தனை பழம் விழுந்தது என்று எண்ணாதவரை தெரியாது, அவ்வளவுதான்.

இதில் 2020-ஐயும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் 8,527 ஆக இருந்தது, 2020-இல் 2,410 ஆனது. ஊரடங்கு, காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், ஆய்வகங்கள் எல்லாம் கொரோனா பரிசோதனையில். அந்த ஜனவரியில் யாராவது ஒரு புதுக் கொசு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தால் இன்றைக்கு அவருக்குச் சிலையே வைத்திருப்பார்கள்.

அடுத்து, நோட்டீசின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வார்டுவாரிப் பட்டியல். சில வார்டுகளுக்கு "சிறப்பான குறைவு" என்று நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். வார்டு அளவில் எண்கள் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். சின்ன எண்கள் குரங்குபோல, காரணமே இல்லாமல் தாவும். ஒரு வார்டில் முன்பு 9 பேர், பின்பு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 பேர். பணியால் எந்த மாற்றமும் இல்லை என்றால், ஒவ்வொருவருக்கும் முன்பாதியில் காய்ச்சல் வருவதும் பின்பாதியில் வருவதும் நாணயம் சுண்டுவதைப் போலத்தான். 13 முறை சுண்டினால் 9-4 என்றோ, அதைவிடச் சாய்வாகவோ, ஏதாவது ஒரு பக்கம் விழுவது ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். நம்மிடம் முப்பது வார்டு இருந்தால் ஏழெட்டு வார்டில் சும்மாவே இப்படி நடக்கும். அதில் பாதி குறைவாகவும் பாதி கூடுதலாகவும் இருக்கும். குறைந்ததற்கு நட்சத்திரம் போட்டீர்கள், கூடிய வார்டுகளைப் பட்டியலில் காணோம்.

நாங்கள் ஆபீசில் ஒரு கைக்கணக்கு வைத்திருந்தோம். முன் எண்ணிலிருந்து பின் எண்ணைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுங்கள். விடை 2-ஐத் தாண்டாவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம். 9-க்கும் 4-க்கும் 5-ஐ 3.6 ஆல் வகுத்தால் 1.4 வருகிறது, தாண்டவில்லை. அதே விகிதத்தில் 36-ம் 16-ம் என்றால் 20-ஐ 7.2 ஆல் வகுத்து 2.8, தாண்டுகிறது. இதுவும் தாராளமான கணக்குதான். டெங்கு ஒரே வீட்டில் மூன்று பேருக்கு, ஒரே தெருவில் ஆறு பேருக்கு என்று கொத்தாக வரும். ஒரு வீட்டுக் கொசு ஒரு குடும்பத்தையே கடித்திருக்கும்போது அதை மூன்று தனித்தனி நாணயமாக எண்ண முடியாது. அதனால் 2 என்ற கோட்டை 3-க்குத் தள்ளி வைத்தாலும் தப்பில்லை. தாண்டிவிட்டாலும் தற்செயல் இல்லை என்பது மட்டுமே தெரியும். பருவமா, உச்சியிலிருந்து இறங்கியதா, உங்கள் பணியா என்பதை அந்த எண் சொல்லாது.

நோட்டீசில் என்னை மிகவும் உறுத்திய வரி வேறு. "பணி தொடங்கிய ஒரே வாரத்தில் காய்ச்சல் குறையத் தொடங்கியது" என்று போட்டிருக்கிறீர்கள். இதைப் பலமான சாட்சி என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. நீங்கள் செய்தது பெரும்பாலும் கொசுப்புழு ஒழிப்பு: தொட்டியில் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றினீர்கள், டயரை அகற்றினீர்கள். அது பறக்கப்போகும் கொசுவைத்தான் தடுக்கும். ஏற்கெனவே வைரசோடு பறந்துகொண்டிருக்கும் கொசு இன்னும் இரண்டு மூன்று வாரம் கடித்துக்கொண்டுதான் இருக்கும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வரவே நாலு நாளிலிருந்து பத்து நாள் ஆகும். பிறகு அவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் பார்த்து, அதற்குக் காய்ச்சல் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, ரத்தம் எடுத்து, முடிவு வந்து உங்கள் ஏட்டில் ஏற இன்னும் சில நாள். புழு ஒழிப்பின் பலன் எண்ணிக்கையில் தெரிய மூன்று, நான்கு வாரமாவது வேண்டும். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லும் என்பதால் அதற்குக் கொஞ்சம் முன்னால் தெரியலாம், அதுவும் மறுநாளே இல்லை. முதல் வாரத்திலேயே குறைந்தது என்றால், பணி தொடங்கும் முன்பே அலை இறங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம்.

இதோடு எண்ணும் முறையும் மாறிவிடுகிறது. அரசுக் கணக்கில் ஏறுவது எலைசா பரிசோதனையில் உறுதியானவர்கள்தான். பணி நடந்த வாரங்களில் தெருவுக்குத் தெரு காய்ச்சல் முகாம் போட்டு ரத்தம் எடுத்தீர்கள். பிப்ரவரியில் முகாம் இல்லை. நவம்பரில் 400 பேருக்குச் சோதித்து 40 பேருக்கு டெங்கு, பிப்ரவரியில் 100 பேருக்குச் சோதித்து 10 பேருக்கு டெங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பட்டை நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சோதித்தவர்களில் டெங்கு உள்ளவர்களோ இரண்டு மாதத்திலும் பத்தில் ஒருவர்தான். எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்ற எண்ணை நோட்டீசில் போட்டிருந்தால் இந்தப் பத்தியையே நான் எழுதியிருக்க மாட்டேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த பருவமழைக்கு முன்னால் மறுபடியும் தீவிரப் பணி நடக்கப்போகிறது. கையில் இருக்கும் ஆட்களை வைத்து எல்லா வார்டிலும் ஒரே நாளில் தொடங்க எப்படியும் முடியாது, பாதியில் முதலில், மீதியில் பிறகு என்றுதான் செய்வீர்கள். இதுவரை எது முதல் பாதி என்பதைக் கவுன்சிலர்களின் சத்தமும் நோயாளி எண்ணிக்கையும் முடிவு செய்தன. இந்த முறை அதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வார்டு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, மன்றக் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் எடுக்கலாம். பாதி வார்டில் செப்டம்பர் நடுவில், மீதியில் ஐந்தாறு வாரம் கழித்து. மழை இரண்டு பாதியிலும் ஒரே அளவுதான் பெய்யும், வைரசும் அதேதான், உச்சியில் இருந்த வார்டுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரியும். நான்காவது வாரத்திலிருந்து இரண்டு பாதிக்கும் வித்தியாசம் வந்தால், அது பெரும்பாலும் உங்களுடையது. ஒரு பாதிக்குத் தாமதமாகிறதே என்ற குறை இதில் உண்டு. அந்தத் தாமதம் வழக்கமாகவும் நடப்பதுதான், கூடுதலாக யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. ஆனால் மழை முந்திக்கொண்டு எங்காவது நோயாளிகள் குவிய ஆரம்பித்தால் சீட்டை மறந்துவிட்டு அங்கே ஆளை அனுப்புங்கள், கணக்கு அப்புறம்.

இதைப் பெரிய அளவில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், டெங்கு வைரசைக் கொசுவுக்குள் பெருக விடாத வொல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விட்டுப் பார்த்தபோது நகரத்தை 24 துண்டாகப் பிரித்து, குலுக்கலில் வந்த 12-இல் மட்டும் விட்டார்கள். விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு என்று 2021-இல் முடிவு வெளியானது. அந்த 77-ம் நம் 81-ம் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. அவர்களுடையது அதே மாதத்தில், அதே மழையில், பக்கத்துத் தெருவோடு ஒப்பிட்ட எண். நம்முடையது போன வருடத்தோடு ஒப்பிட்ட எண்.

ஒரு குறை இதிலும் இருக்கிறது. வார்டுக்கு ஒற்றை இலக்கத்தில் நோயாளிகள் இருக்கும்போது, குலுக்கிப் பிரித்தாலும் சின்ன வித்தியாசம் கண்ணில் படாது. அதனால் நோயாளியை மட்டும் எண்ணாமல் வீட்டையும் எண்ணச் சொல்கிறேன். உங்கள் பணியாளர்கள் ஏற்கெனவே பார்ப்பதுதான்: நூறு வீட்டில் எத்தனை வீட்டில் கொசுப்புழு, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் கொசுப்புழு. நோயாளிகள் பத்துப் பேர் என்றால் வீடுகள் ஆயிரக்கணக்கில், அதனால் இந்த எண் அவ்வளவு தாவாது. பணி முடிந்த வார்டில் புழு உள்ள வீடுகளே குறையவில்லை என்றால், நோயாளிகள் குறைந்ததற்கு உங்கள் பணி காரணம் என்று சொல்லவே முடியாது. இந்த ஆய்வை மட்டும் அந்தந்த வார்டுப் பணியாளரிடமே விடாதீர்கள், வேறு வார்டு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தான் அபேட் ஊற்றிய தொட்டியில் புழு இருக்கிறது என்று எழுத யாருக்கும் கை வராது. எனக்கும் வந்திருக்காது.

பழைய மாதவாரி எண்கள் 2017-க்கு முன்னால் கணினியில் கிடைக்காது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். காய்ச்சல் பதிவேடுகள் பச்சை பைண்டு போட்டு, பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்குப் பின்னால் கீழ்த்தட்டில் இருந்தன, நான் கடைசியாகப் பார்த்தபோது. கரையான் விட்டு வைத்திருந்தால் நானே உட்கார்ந்து எடுத்து எழுதித் தருகிறேன். வியாழக்கிழமை தவிர எந்த நாள் சொன்னாலும் வருகிறேன், வியாழன் உங்களுக்கு வேலை அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியலர் ஒருவர்